வாந்தி பேதி நின்னப்புறம் முதல் சாப்பாடு என்ன குடுக்கலாம்? அப்பச்சிக்கு வயசு 67, சுகர் இருக்கு

கண்டனூர்வாசி, 12.07.2024, காலை 7.10

புதன்கிழமை ஒரு படைப்புச் சாப்பாட்டுக்குப் போயிட்டு வந்தோம். அன்னைக்கு ராத்திரி 11 மணிக்கு அப்பச்சிக்கு வாந்தி ஆரம்பிச்சுது. விடியறதுக்குள்ள அஞ்சு தடவை வாந்தி, வயித்தால போனது பத்துக்கு மேல, நேத்து முழுக்க அப்படியே கெடந்தாக. கடைசி வாந்தி நேத்து சாயங்காலம் 5 மணிக்கு. ராத்திரியில இருந்து இப்ப வரைக்கும் மூணு தடவைதான் வயித்தால போயிருக்கு. ரத்தம் இல்ல, காய்ச்சல் இல்ல.

இப்ப எந்திரிச்சு உக்காந்து பசிக்குதுங்கறாக. கேக்கறது என்னன்னா இடியாப்பமும் கோசமல்லியும். பக்கத்து வளவு ஆச்சி வந்து பாத்துட்டு "இன்னைக்கும் வயித்தைக் காயப்போடு, ஒண்ணும் குடுக்காதே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாக. எனக்கு அது சரியாப் படல, பசிக்குதுன்னு கேக்கற மனுசனை எப்படிப் பட்டினி போடறது. சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடறாக. நேத்து ஓஆர்எஸ் பாக்கெட் ஒண்ணை ஒரு டம்ளர் தண்ணில கலக்கிக் குடுத்தேன், உப்புக் கரிக்குதுன்னு பாதிதான் குடிச்சாக. என்ன குடுக்கலாம், எவ்வளவு குடுக்கலாம், தெரிஞ்சவுக சொல்லுங்க.

காரைக்குடி மெஸ்காரர், 12.07.2024, காலை 7.35

தம்பி, விசேஷச் சாப்பாடுன்னா எது கெட்டுப்போயிருக்கும்னு பாருங்க. கறியாத்தான் இருக்கணும்னு இல்ல, சோறாவும் இருக்கலாம். வடிச்ச சோத்தைப் பெரிய அண்டாவுல மூடி வச்சு நாலஞ்சு மணி நேரம் கழிச்சுப் போட்டா அதுலயே கிருமி பெருகிரும், திருப்பிச் சுட வச்சாலும் அது கக்கின விஷம் போகாது. 26 வருசமா மெஸ் நடத்தறேன், மதியச் சோறு ராத்திரிக்குக் கெடையாதுன்னு ஒரே சட்டம்தான் வச்சிருக்கேன்.

கண்டனூர்வாசி, 12.07.2024, காலை 7.42

அண்ணே, எதனால வந்துச்சுன்னு நான் கேக்கல, இப்ப என்ன குடுக்கறதுன்னுதான் கேட்டேன். ஆனா சோத்தைப் பத்திச் சொன்னது நல்லது, அன்னைக்கு நாங்க கடைசிப் பந்தி.

தேவகோட்டை சிஸ்டர், 12.07.2024, காலை 8.05

நான் 31 வருசம் ஸ்டாஃப் நர்ஸா இருந்து ஓய்வு வாங்கினவ. சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு விசயம். அந்தப் பெரிய ஓஆர்எஸ் பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணிக்கு. ஒரு டம்ளர்ல கலக்கினா உப்பு அஞ்சு மடங்கு ஆயிரும், அது வயித்தால போறதைக் கூட்டும், உடம்புல இருக்கற தண்ணியையும் குடலுக்குள்ள இழுத்துரும். அவுக பாதியில நிறுத்தினது நல்லதாப் போச்சு. ஒரு டம்ளருக்குன்னு சின்னப் பாக்கெட் தனியா வருது, பாக்கெட்டு மேல 200 மில்லின்னு போட்டிருக்கும், அது வேற இது வேற.

ரெண்டாவது, ஒண்ணுக்குக் கடைசியா எப்பப் போனாக, என்ன நிறத்துல போச்சு, எந்திரிச்சு நிக்கறப்ப கண்ணைக் கட்டுதா? இதைச் சொல்லுங்க. அப்புறம் சுகர் மாத்திரை பேரு என்ன, பிரஷர் மாத்திரையில நீர் பிரிய வைக்கற மருந்து இருக்கா?

கண்டனூர்வாசி, 12.07.2024, காலை 8.20

காலைல 6 மணிக்குப் போனாக சிஸ்டர், கொஞ்சமாத்தான், நல்லா மஞ்சளா இருந்துச்சாம். நிக்கறப்ப லேசாக் கிறுகிறுங்குதாம். சுகருக்கு மெட்ஃபார்மின். பிரஷர் மாத்திரை அட்டையைப் பாத்தேன், ரெண்டு மருந்து சேந்தது, ஒண்ணு நீர் மாத்திரைதான் போல. நேத்தும் ரெண்டும் போட்டாக.

தேவகோட்டை சிஸ்டர், 12.07.2024, காலை 8.31

அப்ப இன்னைக்குக் காலை மாத்திரைய குடுக்கறதுக்கு முன்னாடி உங்க டாக்டருக்குப் போன் பண்ணுங்க. உடம்புல தண்ணி வத்திக் கெடக்கறப்ப நீர் மாத்திரை இருக்கறதையும் வெளியேத்தும், தண்ணி வத்திக் கிட்னி சோந்து போனா மெட்ஃபார்மின் வெளியேறாம உடம்புல தேங்கி ரத்தத்துல அமிலம் ஏறுற ஆபத்து உண்டு. நிறையப் பேருக்கு ரெண்டு மூணு நாள் நிறுத்தி வைக்கச் சொல்லுவாக, ஆனா உங்க அப்பச்சிக்கு எதை நிறுத்தணும்னு அவுகளைப் பாக்கற டாக்டர்தான் சொல்லணும், நான் சொல்லக் கூடாது. இன்சுலின் போடறவுகளா இருந்தா தானா நிறுத்தவே கூடாது, அது தனிக் கதை.

சாப்பாட்டுக்கு வருவோம். வயித்தைக் காயப்போடறது பழைய பழக்கம், அந்தக் காலத்துல ஆஸ்பத்திரியிலயே அப்படித்தான் செஞ்சோம். இப்ப யாரும் சொல்றதில்ல. குடல் தோலு நாளும் புதுசா வளர்றது, அதுக்குச் சாப்பாடு உள்ள போனாத்தான் தெம்பு. வாந்தி நின்னு பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, பசியும் வந்துருச்சு, இனி தாராளமாக் குடுக்கலாம். ஆனா இடியாப்பம் இப்ப வேண்டாம். கோசமல்லி வேண்டவே வேண்டாம், அதுல புளி, மிளகாய், எண்ணெய், கத்திரிக்கா வெதை எல்லாம் இருக்கு.

மொதல்ல அரை மணி நேரம் சரியாக் கலக்கின ஓஆர்எஸ் வாய் வாயாக் குடுங்க. அது வயித்துல தங்கினா நொய்க்கஞ்சி, அரை டம்ளர், அதுக்கு மேல வேண்டாம். ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு அரை டம்ளர். ஒவ்வொரு தடவை வயித்தால போனதும் ஒரு டம்ளர் ஓஆர்எஸ். சுகர் ஏறிருமோன்னு பயப்பட வேண்டாம், ஒரு லிட்டர் ஓஆர்எஸ்ல 13.5 கிராம் குளுக்கோஸ்தான், அந்தச் சக்கரை இல்லாட்டி உப்பைக் குடல் சரியா உறிஞ்சாது. கலர் சோடா, பாட்டில் ஜூஸ் எல்லாம் அதை விடப் பல மடங்கு இனிப்பு, அதுதான் பேதியைக் கூட்டும்.

புதுவயல் இயற்கை, 12.07.2024, காலை 9.50

பாக்கெட்டெல்லாம் கெமிக்கல். இளநீர் ஒண்ணே போதும், எல்லாச் சத்தும் அதுல இருக்கு. எங்க வீட்ல யாருக்கு வயித்தால போனாலும் நாளுக்கு ஆறு எளநி, வேற ஒண்ணும் கெடையாது, ரெண்டே நாள்ல சரி.

தேவகோட்டை சிஸ்டர், 12.07.2024, காலை 10.15

இளநீர் நல்லதுதான், குடுக்கலாம், ஆனா அது மட்டும் போதாது. அதுல பொட்டாசியம் நெறைய, பேதியில போற சோடியம் அதாவது உப்பு ரொம்பக் கம்மி. உடம்பு உப்பை இழந்துகிட்டே இருக்கறப்ப ஆறு எளநி குடிச்சாலும் அந்தக் குறை தீராது. இந்த ஐயாவுக்கு இன்னொன்னும் இருக்கு, சில பிரஷர் மாத்திரை பொட்டாசியத்தை உடம்புல தேக்கி வைக்கும், கிட்னி கொஞ்சம் சோந்திருந்தா ஆறு எளநி ஆபத்து. ஒண்ணு குடுங்க, அதோட நிறுத்துங்க. ஓஆர்எஸ் கெமிக்கலுன்னா உங்க வீட்டு உப்பும் சக்கரையும் கெமிக்கல்தான் தம்பி.

கண்டனூர்வாசி, 12.07.2024, மதியம் 1.30

டாக்டர்கிட்டப் பேசிட்டேன். அப்பச்சி பழையபடி சாப்பிடற வரைக்கும் ரெண்டு மாத்திரையையும் நிறுத்தி வைக்கச் சொன்னாரு, தெனம் காலையில சுகரும் பிரஷரும் பாத்துச் சொல்லச் சொன்னாரு.

கஞ்சி வச்ச விதம் எழுதறேன், யாருக்காவது உதவும். புழுங்கல் நொய் ஒரு கைப்பிடி, லேசா வறுத்து, ஒரு லிட்டர் தண்ணி ஊத்தி, நல்லாக் கொழைய வேக வச்சு, வத்தினதுக்கு வெந்நீர் சேத்து மறுபடி ஒரு லிட்டராக்கி, உப்பு ஒரு டீஸ்பூன் போட்டேன். சீரகம் அரை ஸ்பூன் நுணுக்கிப் போட்டேன், அது சும்மா வாசத்துக்கு. 9 மணிக்கு அரை டம்ளர். 11 மணிக்கு அரை டம்ளர். 1 மணிக்கு அதே. வாந்தி வரல. ஆனா ஒவ்வொரு தடவை குடிச்சுப் பத்து நிமிசத்துல வயித்தால போறாக. உள்ள போறது அப்படியே வெளிய வருதோன்னு பயமா இருக்கு. ஆச்சி திரும்ப வந்து "நாந்தான் சொன்னேன்ல"ன்னு நிக்கறாக.

தேவகோட்டை சிஸ்டர், 12.07.2024, மதியம் 2.00

உப்பு ஒரு டீஸ்பூன் அதிகம்! ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன்தான், அதுவும் தலை தட்டி. கண்ணீரை விடக் கரிக்கக் கூடாது, அதுதான் கணக்கு. மிச்சக் கஞ்சியில இன்னும் அதே அளவு வெந்நீர் ஊத்திருங்க.

சாப்பிட்ட ஒடனே போறது வேற. வயித்துல எது விழுந்தாலும் பெருங்குடல் அசையும், அது எல்லாருக்கும் உண்டு, உடம்பு சரியில்லாதப்ப நல்லாத் தெரியும். இப்ப வர்றது காலையில குடிச்ச கஞ்சி இல்ல, முன்னாடியே உள்ள கெடந்தது. எத்தனை தடவைன்னு எண்ணாதீங்க, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகுதுன்னு பாருங்க. அளவு கொறைஞ்சு கெட்டியாகிட்டு வந்தா நல்லபடியாப் போகுதுன்னு அர்த்தம். பீச்சியடிச்ச மாதிரி நெறையப் போனா எனக்கு எழுதுங்க, இல்ல நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கண்டனூர்வாசி, 12.07.2024, மதியம் 2.12

மேல இருக்கற என் பதிவைப் படிக்கறவுக கவனிங்க, உப்பு அரை டீஸ்பூன்தான். மேல எழுதினதை அழிக்கலாம்னு பாத்தேன், அழிச்சா சிஸ்டர் சொன்னது யாருக்கும் புரியாது, அதான் அப்படியே விட்டிருக்கேன். அந்த உப்புக் கஞ்சியை மூணு தடவை குடுத்திருக்கேனேன்னு மனசு பதறுது.

பள்ளத்தூர் அம்மா, 12.07.2024, மாலை 4.40

என் பையனுக்கு ரெண்டு வயசு, அவனுக்கும் மூணு நாளா வயித்தால போகுது. இதைப் படிச்சுட்டு அவனுக்கும் இன்னைக்கு நொய்க்கஞ்சி மட்டும் குடுத்துகிட்டிருக்கேன். தாய்ப்பால் இன்னும் குடிக்கறான், அதை நிறுத்தணுமா? மாமியா நிறுத்தச் சொல்றாக.

தேவகோட்டை சிஸ்டர், 12.07.2024, மாலை 4.58

நிறுத்தாதே ஆத்தா, தாய்ப்பால் கூடவே குடு, வழக்கத்தை விட அடிக்கடி குடு. 67 வயசுக்காரருக்குச் சொன்னதைப் பிள்ளைக்குச் செய்யாதே. வெறும் கஞ்சியை மூணு நாள் குடுத்தா பிள்ளைக்குப் புரதமும் இல்ல கொழுப்பும் இல்ல, ஒடம்பு கரைஞ்சு போயிரும். அவன் எப்பவும் சாப்பிடற பருப்புச் சோறு, இட்லி, முட்டை எல்லாம் கொழைய மசிச்சுக் குடு, ஒரு சொட்டு நெய்யும் விடலாம். கூட துத்தநாக மாத்திரை, ஆறு மாசத்துக்கு மேல ஆன பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், பேதி நின்னாலும் 14 நாள் முடிக்கணும். அங்கன்வாடியிலயும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் ஓஆர்எஸ்ஸோட சேத்துச் சும்மாவே குடுப்பாக. ஆனா மூணு நாள் ஆச்சுங்கற, இன்னைக்கே போய்க் காட்டு. கண்ணு குழி விழுந்திருக்கா, அழுதா கண்ணீர் வருதா, ஆறு மணி நேரத்துல ஒரு தடவையாவது ஒண்ணுக்குப் போனானான்னு பாரு.

பள்ளத்தூர் அம்மா, 12.07.2024, இரவு 8.20

போய்க் காட்டிட்டு வந்துட்டேன்க்கா. தண்ணி வத்தலைன்னு சொன்னாங்க. மாத்திரை குடுத்தாங்க. பருப்புச் சோறு நாலு வாய் சாப்பிட்டான்.

கண்டனூர்வாசி, 13.07.2024, காலை 9.15

நேத்து சாயங்காலத்துல இருந்து இப்ப வரை ரெண்டே தடவை, கொஞ்சமா, கூழு மாதிரி. ஒண்ணுக்கு நல்லா வெளுப்பாப் போகுது, கிறுகிறுப்பு இல்ல. சுகர் பாத்தேன், கஞ்சி குடிச்சு ரெண்டு மணி நேரத்துல 228. டாக்டர் ரெண்டு நாளைக்குப் பரவால்ல, 300ஐத் தாண்டினா கூப்பிடுங்கன்னாரு.

இன்னைக்கு சிஸ்டர் சொன்னபடி அரிசியைத் தாண்டறோம். காலை 7 மணிக்கு ஒரு இட்லி, சும்மா உப்புத் தொட்டு. நான் ரெண்டு இட்லி வச்சேன், சிஸ்டர் சொன்னது ஞாபகம் வந்து ஒண்ணை எடுத்துட்டேன். "ஒரு வேளைக்கு ஒரு புதுப் பண்டம், அது ஒத்துக்கிட்டா அடுத்த வேளைக்கு இன்னொண்ணு"ன்னு நேத்துப் போன்ல சொன்னாக. அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, ஏன்னா எது ஒத்துக்கலன்னு அப்பத்தான் தெரியும், நாலு பண்டத்தை ஒண்ணாக் குடுத்துட்டு வயித்தால போனா எதைக் குத்தம் சொல்றது.

காரைக்குடி மெஸ்காரர், 13.07.2024, காலை 11.00

ரசம் வைக்கறதுக்கு ஒரு வழி சொல்றேன். நம்ம பக்கத்து ரசம் அப்படியே குடுக்காதீங்க, அதுல வரமிளகாத் தாளிப்பும் புளியும் தூக்கலா இருக்கும். துவரம்பருப்பு வேக வச்ச மேல் தண்ணி மட்டும், பருப்பு வேண்டாம். தக்காளி ஒண்ணு, தோலும் வெதையும் எடுத்துக் கரைச்சு ஊத்துங்க. மிளகு நாலஞ்சு, சீரகம் கொஞ்சம், பூண்டு ஒரு பல்லு. நுரை கட்டினதும் இறக்கிருங்க, தாளிக்காதீங்க. எங்க மெஸ்ஸுக்கு வர்ற காலேஜ் பசங்க வயிறு சரியில்லைன்னா இதைத்தான் கொழைஞ்ச சோத்துல ஊத்திக் குடுப்பேன்.

தேவகோட்டை சிஸ்டர், 13.07.2024, காலை 11.20

நல்லா இருக்கு அண்ணே. மிளகை மட்டும் இன்னும் ஒரு நாள் தள்ளிப் போடலாம்.

கண்டனூர்வாசி, 13.07.2024, இரவு 9.30

மதியம் கொழைஞ்ச சோறு ஒரு கரண்டி, மெஸ்காரரு ரசம் மிளகு இல்லாம. 4 மணிக்கு ரஸ்க் ரெண்டு, சக்கரை போடாத கடுந்தேத் தண்ணி அரை டம்ளர், பால் இல்ல. ராத்திரி உருளைக்கிழங்கு வேக வச்சு உப்புப் போட்டு மசிச்சது நாலு ஸ்பூன், இட்லி ஒண்ணு. இன்னைக்கு முழுக்க ஒரே தடவைதான் போனாக. இதைத் தனியா எழுதறேன், ஏன்னா இன்னைக்கு எனக்கு ரொம்ப நிம்மதியா இருக்கு, ரெண்டு ராத்திரியா அவுக கட்டிலுக்குப் பக்கத்துலயே படுத்துக் கெடந்தேன்.

கோட்டையூர் ஆச்சி, 14.07.2024, காலை 8.00

வாழைக்காயைச் சுட்டு இல்ல அவிச்சுக் குடுங்க தம்பி. எங்க அப்பத்தா பேதிக்கு அதைத்தான் குடுப்பாக. பழம் குடுக்காதீக, சளி புடிக்கும்.

தேவகோட்டை சிஸ்டர், 14.07.2024, காலை 8.45

வாழைக்காய் சரி ஆச்சி. அதுல இருக்கற ஒரு மாவுச்சத்து சிறுகுடல்ல செரிக்காம பெருங்குடலுக்குப் போயி அங்க தண்ணியை உறிஞ்சறதுக்கு உதவுது, பங்களாதேஷ்ல பேதி ஓயாத பிள்ளைகளுக்கு வேக வச்ச வாழைக்காய் குடுத்துப் பாத்திருக்காக, பலன் இருந்துச்சு. ஆனா பழத்துக்கும் சளிக்கும் சம்பந்தமில்ல. நல்லாப் பழுத்த பழம் பாதி குடுக்கலாம், இவருக்குச் சுகர் இருக்கறதால நானே கொஞ்சம் யோசிப்பேன்.

கோட்டையூர் ஆச்சி, 14.07.2024, காலை 9.10

எங்க வீட்ல குடுக்க மாட்டோம்.

கண்டனூர்வாசி, 14.07.2024, மதியம் 2.20

காலை இடியாப்பம் ரெண்டு, ஒருவழியா! தேங்காப்பால் இல்லாம, ரசம் தொட்டு. மதியம் சோறு ஒன்றரைக் கரண்டி, பீர்க்கங்காயைத் தோல் சீவி வெறும் உப்புல வேக வச்சது, வெள்ளைக்கரு ஒண்ணு. எல்லாம் தங்கிருச்சு. அப்பச்சி கவுனி அரிசி கேட்டாக, தேவகோட்டைல இருந்து போன வாரம் வாங்கியாந்தது இருக்கு. சிஸ்டர், கவுனி அரிசி சத்துதானே, சுகருக்கும் நல்லதுங்கறாகளே, கஞ்சியா வச்சுக் குடுக்கலாமா?

தேவகோட்டை சிஸ்டர், 14.07.2024, மாலை 3.05

சுகருக்கு ஏன் நல்லதுங்கறாகன்னா அந்தத் தோல்ல இருக்கற நாருக்காக. அதே நார்தான் இப்ப வேண்டாம். ஒரு வாரம் போகட்டும். கேழ்வரகு, கொண்டைக்கடலை, பச்சைக் காய், கீரை எல்லாத்துக்கும் அதே கணக்குதான், கீரை மட்டும் நல்லா மசிச்சா கொஞ்சம் முந்திக் குடுக்கலாம்.

கண்டனூர்வாசி, 15.07.2024, காலை 5.50

சிஸ்டர், திரும்ப வந்துருச்சு. ராத்திரி 1 மணில இருந்து நாலு தடவை, தண்ணியா, நுரையா, ஒரு புளிச்ச வாடை. வயிறு பலூன் மாதிரி உப்பிக் கடமுடாங்குது. வாந்தி இல்ல. காய்ச்சல் பாத்தேன் இல்ல. ரத்தமோ சளியோ இல்ல. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மருந்துக்கடையில பேதியை நிறுத்தற மாத்திரை கேட்டு வாங்கி வச்சிருக்கேன், ஒண்ணு போடவா?

தேவகோட்டை சிஸ்டர், 15.07.2024, காலை 6.10

மாத்திரை போடாதீங்க. நேத்து மதியத்துக்கப்புறம் என்னென்ன குடுத்தீங்க, ஒண்ணு விடாமச் சொல்லுங்க.

கண்டனூர்வாசி, 15.07.2024, காலை 6.25

ராத்திரி இட்லி ரெண்டு, உருளைக்கிழங்கு மசியல். அவ்வளவுதான் நான் குடுத்தது.

இருங்க, ஆத்தாகிட்டக் கேட்டேன். சாயங்காலம் அத்தை வந்திருந்தாக, உடம்பு தேறணும்னு பால்பணியாரம் செஞ்சு எடுத்தாந்து நாலஞ்சு குடுத்திருக்காக. அதுக்கப்புறம் ஒரு டம்ளர் டிகாஷன் காபி, பால் தூக்கலா. ராத்திரி படுக்கறப்ப தெம்புக்குன்னு மால்ட் பவுடர் கலந்து இன்னொரு டம்ளர் பால். நான் அப்ப கடைல இருந்தேன்.

தேவகோட்டை சிஸ்டர், 15.07.2024, காலை 6.48

கெடச்சிருச்சு. இது பழைய கிருமி திரும்ப வந்தது இல்ல, பாலுதான். குடலுக்குள்ள வெல்வெட் துணி மாதிரி மயிரிழை மயிரிழையா இருக்கும், பால்ல இருக்கற சக்கரையை உடைக்கற பொருள் அந்த இழையோட நுனியிலதான் இருக்கு. பேதி வந்தா மொதல்ல உதிர்றது அந்த நுனிதான், கடைசியா வளர்றதும் அதுதான். சோறு, இட்லி செரிக்க ஆரம்பிச்சு நாளானாலும் பால் செரிக்காது. செரிக்காத பால் சக்கரை பெருங்குடலுக்குப் போயிப் புளிக்கும், அதுதான் நுரை, புளிச்ச வாடை, உப்பசம். கூடவே பணியாரம் எண்ணெயில பொரிச்சது, காபி குடலை முடுக்கி விடும், மூணும் சேந்துகிச்சு.

வாந்தி இல்ல, காய்ச்சல் இல்ல, ரத்தம் இல்ல, பால் குடிச்ச சில மணி நேரத்துல ஆரம்பிச்சிருக்கு. இந்த நாலும் சேந்து இருந்தா பாலை நிறுத்தி ஒரு நாள் பாக்கலாம். நிறுத்தி 24 மணி நேரத்துல அடங்கணும். அடங்கலைன்னா, இல்ல இதுல ஒண்ணு மாறுச்சுன்னா, நான் சொன்னதைத் தள்ளி வச்சுட்டு டாக்டரைப் பாருங்க. சாப்பாட்டுல மறுபடி கஞ்சிக்குப் போக வேண்டாம், முந்தாநாள் ஒத்துக்கிட்ட இட்லி, சோறு, ரசம், உருளை, அதையே குடுங்க. ஒவ்வொரு தடவை போனதுக்கும் ஓஆர்எஸ்.

புதுவயல் இயற்கை, 15.07.2024, காலை 10.00

அப்ப மோரும் ஆகாதுன்னு அர்த்தமா? எங்க வீட்ல மோர் குடிச்சா நிக்குமே.

தேவகோட்டை சிஸ்டர், 15.07.2024, காலை 10.30

இதுல உங்க பழக்கம் சரி. தயிர் உறையறப்ப அந்தக் கிருமிகளே பால் சக்கரையில ஒரு பங்கைத் தின்னுரும், செரிக்கறதுக்கும் தொணையா இருக்கும். அதனால பால் ஒத்துக்காத பலருக்குத் தயிரு ஒத்துக்கும். நான் நீர்மோரா, உப்புப் போட்டு, அரை டம்ளர்ல ஆரம்பிக்கச் சொல்லுவேன். ஆனா இவருக்கு இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் பாப்போம்.

கோட்டையூர் ஆச்சி, 15.07.2024, மதியம் 12.15

மோர் குளிர்ச்சி. பேதி நின்னு மூணு நாளு ஆகாம நாங்க குடுக்கறதில்ல. சிஸ்டர் படிச்சவுக, நான் பாத்ததைச் சொல்றேன்.

கண்டனூர்வாசி, 15.07.2024, இரவு 10.05

காலைல 6 மணிக்கப்புறம் ரெண்டு தடவை, கடைசியாப் போனது மதியம் 2 மணிக்கு. உப்பசம் கொறைஞ்சிருச்சு. அத்தைக்குப் போன் பண்ணிச் சொன்னேன், அழுதுட்டாக, நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன்னு. அவுக மேல ஒரு தப்பும் இல்ல, வீட்ல யாருக்கும் நான் சொல்லி வைக்கல. என்ன குடுக்கலாம்னு மட்டும் சிலேட்டுல எழுதிச் சமையக்கட்டுல மாட்டியிருந்தேன், என்ன குடுக்கக் கூடாதுன்னு எழுதல. இப்ப அதுல மேலயே எழுதியாச்சு: பால், காபி, எண்ணெயில பொரிச்சது, மிளகாய், பழ ஜூஸ், கடலை, கவுனி அரிசி.

பள்ளத்தூர் அம்மா, 15.07.2024, இரவு 10.20

அப்ப என் பையனுக்கும் பால் நிறுத்தணுமா?

தேவகோட்டை சிஸ்டர், 15.07.2024, இரவு 10.26

இல்ல ஆத்தா. தாய்ப்பாலை எதுக்காகவும் நிறுத்தாதே. அவன் தேறிட்டு வர்றான்ல, குடிச்ச பால் ஒத்துக்குதுன்னா அப்படியே குடு. இங்க சொன்னது பெரியவருக்கு.

கண்டனூர்வாசி, 17.07.2024, காலை 8.40

நேத்து ஒரே தடவை, கெட்டியா. இன்னைக்கு ஆடி ஒண்ணு, தெருவே கும்மாய வாசம். பக்கத்து வளவு ஆச்சி ஒரு கிண்ணத்துல குடுத்து விட்டாக, உளுந்தும் கருப்பட்டியும் நெய்யும். அப்பச்சி கிண்ணத்தையே பாத்துகிட்டு உக்காந்திருந்தாக. குடுக்கல. நெய் அவ்வளவு ஊத்தினது, சுகர் வேற இன்னைக்கு 190ல நிக்குது. மனசு கேக்கல, ஆனா 15ஆம் தேதி ராத்திரியை நெனச்சுக்கிட்டேன்.

நீர்மோரு நேத்து மதியம் அரை டம்ளர் குடுத்தேன், ஒண்ணும் செய்யல. கோட்டையூர் ஆச்சி சொன்ன மூணு நாள் கணக்குப்படி பாத்தா சீக்கிரம்தான், ஆனா அப்பச்சிக்கு ஒத்துக்கிச்சு. இன்னொருத்தருக்கு எப்படியோ.

தேவகோட்டை சிஸ்டர், 17.07.2024, காலை 9.30

பசி பழையபடி வந்து சாப்பாட்டு அளவும் பாதிக்கு மேல வந்துருச்சுன்னா மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கறதைப் பத்தி இன்னைக்கே டாக்டர்கிட்டக் கேளுங்க. நிறையப் பேரு நிறுத்தறதை ஞாபகமா நிறுத்திட்டு ஆரம்பிக்க மறந்துர்றாக.

கண்டனூர்வாசி, 17.07.2024, மாலை 6.00

கேட்டேன். பிரஷர் 146க்கு 88. பிரஷர் மாத்திரை நாளைக் காலைல இருந்து, மெட்ஃபார்மின் கிட்னிக்கு ஒரு ரத்த டெஸ்ட் பாத்துட்டு.

காரைக்குடி மெஸ்காரர், 18.07.2024, இரவு 9.45

கறி எப்பக் குடுக்கறதுன்னு யாரும் கேக்கலையே. மொதல்ல வறுவல் கெடையாது. எலும்பில்லாத கோழி ரெண்டு துண்டு, தோல் எடுத்து, மஞ்சள் உப்பு மட்டும் போட்டு வேக வச்சு, ஆற வச்சா மேல கொழுப்பு ஏடு மாதிரி படியும், அதை எடுத்துட்டுச் சோத்துல பிசைஞ்சு குடுங்க. மசாலா அடுத்த வாரம்.

கண்டனூர்வாசி, 21.07.2024, காலை 10.10

மெஸ்காரரு கோழி வெள்ளிக்கிழமை குடுத்தேன், ஒத்துக்கிச்சு. ரத்த டெஸ்ட் சரியா இருந்துச்சு, மெட்ஃபார்மின் நேத்து ஆரம்பிச்சாச்சு. எடை ரெண்டரைக் கிலோ கொறைஞ்சிருக்காக, வேட்டி நிக்க மாட்டேங்குதுங்கறாக.

இன்னைக்குக் காலைல பாலை மறுபடி பாத்தோம், ஆறு நாள் விட்டுட்டு. காபியில நாலு ஸ்பூன் பால் மட்டும், வெறும் வயித்துல இல்ல, இட்லி சாப்பிட்டு முடிச்சதும். சிஸ்டர் சொன்னபடி சாயங்காலம் வரைக்கும் வேற எதுவும் புதுசாக் குடுக்கப் போறதில்ல. உப்பசம் வந்தா இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போடணும்.

கண்டனூர்வாசி, 21.07.2024, இரவு 9.00

ஒண்ணும் செய்யல. நாளைக்கு அரை டம்ளர். அத்தை கேட்டுகிட்டே இருக்காக, பால்பணியாரம் எப்பக் கொண்டாறலாம்னு.